‘எப்பவும் நானே ப்ளான் போடணுமா?’ - நண்பரிடம் இதை எப்படிச் சொல்வது?

“மீட் பண்ணி ரொம்ப நாளாச்சு... எங்கயாவது போலாமா?”

காலேஜ் வாட்ஸ்அப் குரூப்பில் இப்படி ஒரு மெசேஜ் வந்தால், அடுத்த அஞ்சு நிமிஷத்துக்கு ஹார்ட் எமோஜியாகக் கொட்டும். ‘ஐ யம் இன்’, ‘கண்டிப்பா போறோம்’ என்று வரிசையாக வரும். கடைசியில் ஒருத்தர், “சரி, யாராவது ப்ளான் போடுங்க” என்பார். அந்த ‘யாராவது’ யார் என்பது எல்லோருக்கும் தெரியும். போன தடவை போட்டவர்தான். அதற்கு முந்தின தடவையும் அவர்தான்.

நான்கைந்து வருஷம் இப்படியே போனால், ஊர் சுற்றும் ஆசையே அவருக்கு விட்டுப்போகிறது. ஆனால், வெளியே சொன்னால் ‘இதுக்கெல்லாமா கணக்குப் பார்ப்ப?’ என்று கேட்டுவிடுவார்களோ என்ற தயக்கம். அதனால் சொல்வதில்லை. ஒருநாள் அவரும் குரூப்பில் பேசாமல் இருந்துவிடுகிறார், சந்திப்பே நின்றுபோகிறது.

கண்ணுக்குத் தெரியாத வேலை

சென்னையில் வேலை பார்க்கும் ஆறு தோழிகள் ஏலகிரிக்கு இரண்டு நாள் போவதாக வைத்துக்கொள்வோம். ஜோலார்பேட்டை வரை ரயில், அங்கிருந்து வண்டி பிடித்து மலை ஏற வேண்டும். கேட்க எளிது. ஆனால், எந்த வார இறுதியில் யாருக்கு ஷிஃப்ட், யார் வீட்டில் விசேஷம் என்று ஞாபகம் வைத்திருப்பதில் வேலை தொடங்கிவிடுகிறது. ஆறு பேருக்கும் ஒரே டிக்கெட் எடுக்கலாம். ஆனால், முழுப் பணமும் ஒருத்தர் அக்கவுன்ட்டில் இருந்துதான் போகும். தங்கும் இடத்துக்கு அட்வான்ஸும் அவரே. கிளம்ப இரண்டு நாள் இருக்கும்போது ஒருத்தி, “சாரி டி, லீவு கிடைக்கல” என்பாள். ஊர் திரும்பிய பிறகு, “ஜிபே பண்ணிடு” என்று மூன்று முறை ஞாபகப்படுத்துவதும் அவர்தான்.

இந்த மாதிரி மனசுக்குள் நடக்கும் வேலையை அமெரிக்கச் சமூகவியலாளர் அலிசன் டேமிங்கர் ஆராய்ந்திருக்கிறார். 35 தம்பதிகளிடம் பேசி அவர் 2019-ல் வெளியிட்ட ஆய்வு, வீட்டு நிர்வாகத்தை நான்கு படிகளாகப் பிரிக்கிறது: தேவையை முன்கூட்டியே உணர்வது, என்னென்ன வழிகள் இருக்கின்றன என்று தேடுவது, முடிவெடுப்பது, முடிவெடுத்தது நடக்கிறதா என்று கண்காணிப்பது. முடிவெடுப்பதில் கணவனும் மனைவியும் பெரும்பாலும் சேர்ந்தே இருந்தார்கள். முதல் படியும் கடைசிப் படியும் அதிகமாகப் பெண்கள் தலையில்தான் விழுந்தன.

நண்பர் கூட்டத்துக்கும் இதைப் பொருத்திப் பார்க்கலாம். குரூப்பில் போல் போட்டதும் எல்லோரும் ஓட்டுப் போடுகிறார்கள். ‘நாமளும் சேர்ந்துதானே ப்ளான் பண்ணோம்’ என்று உண்மையாகவே நினைக்கிறார்கள். அவர்கள் கலந்துகொண்டது மூன்றாவது படியில் மட்டும். மற்ற மூன்றும் ஒருத்தர் கையில் இருப்பது அவர்கள் கண்ணில் படுவதே இல்லை.

குரூப்பில் கொட்டாதீர்கள்

ஒருநாள் பொறுமை போய், “இனிமே நான் எதுவும் பண்ண மாட்டேன், யாராவது பாத்துக்கோங்க” என்று குரூப்பில் போடுவதுதான் பலரும் செய்யும் தவறு. மெசேஜை ஆறு பேரும் பார்ப்பார்கள். ஒவ்வொருவரும் அது மற்ற அஞ்சு பேருக்கானது என்று நினைப்பார்கள்.

இதுவும் ஆய்வில் பார்த்த விஷயம்தான். உளவியலாளர் பிப் லட்டானேவும் அவர் குழுவினரும் 1979-ல் வெளியிட்ட ஆய்வில், ஆட்களைத் தனியாகவும் கூட்டமாகவும் கைதட்டி, சத்தம் போடச் சொன்னார்கள். கூட்டத்தில் இருந்தபோது ஒவ்வொருவரும் எழுப்பிய சத்தம் குறைந்தது. பொறுப்பு பலர் மீது பரவினால் ஒருத்தர் மீதும் அழுத்தமாக உட்காராது.

அதனால், ஒரே ஒருத்தரிடம், நேரில் அல்லது போனில் பேசுவது நல்லது. குரூப்பில் இவருக்கு நெருக்கமானவராகவும், மற்றவர்கள் பேச்சைக் கேட்கக்கூடியவராகவும் இருந்தால் பாதி வேலை முடிந்தது. ட்ரிப்புக்கு முந்தின நாள் வேண்டாம். அது மிரட்டல் மாதிரி ஆகிவிடும். திரும்பி வந்து ஒரு வாரம் கழித்து, கோபம் ஆறியபிறகு பேசலாம்.

என்ன சொல்வது?

“நீங்க யாருமே எதுவும் பண்றதில்ல” என்று ஆரம்பித்தால், எதிரில் இருப்பவர் தான் செய்த ஒன்றைத் தேடிப் பிடித்து, “போன வருஷம் கேக் யாரு வாங்கினா?” என்பார். பேச்சு கேக்கில் போய் நிற்கும்.

அதைவிட இப்படிச் சொல்லலாம்: “ஏலகிரி நல்லா இருந்துச்சு டி. ஆனா டிக்கெட், ரூம், காசு கலெக்ட் பண்றது எல்லாத்தையும் நானே பாத்ததுல எனக்கு முடியல. நாலு வருஷமா இப்படித்தான் போகுது. உங்களை எல்லாம் பாக்கணும்னு எனக்கு ஆசைதான். அடுத்த தடவை முழுசா நீ எடுத்து நடத்துறியா?”

இதில் கவனிக்க வேண்டிய வார்த்தை, ‘முழுசா’. “கொஞ்சம் ஹெல்ப் பண்ணு” என்று கேட்டால், ரூம் புக் பண்ணும் வேலை மட்டும் கை மாறும். அதை அவருக்கு ஞாபகப்படுத்தும் வேலை பழைய ஆளிடமே இருக்கும். தேதி கேட்பதில் இருந்து கணக்கு முடிப்பது வரை கை மாறினால்தான் சுமை இறங்கும்.

பதிலாக இரண்டு வசனங்கள் வரலாம். ஒன்று, “சொல்லியிருந்தா பண்ணியிருப்பேனே!” அதற்கு, “இப்ப சொல்லிட்டேன்ல, அடுத்தது உன்னுது” என்றால் போதும். இன்னொன்று, “நீதான்டி இதெல்லாம் சூப்பரா பண்ணுவ.” பாராட்டு போலத் தெரிந்தாலும், வேலை திரும்பி வருவது இந்த வழியில்தான். “நாலு வருஷம் பண்ணதால பழகிடுச்சு. நீயும் ரெண்டு தடவை பண்ணா பழகிடும்” என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடலாம்.

உண்மையான சோதனை பிறகுதான்

தோழி சரி என்கிறார். ஒரு மாதம் போகிறது, குரூப்பில் சத்தமே இல்லை. பழைய ஏற்பாட்டாளருக்குக் கை பரபரக்கும். “சரி, நானே ஒரு போல் போட்டுடறேன்” என்று இறங்கினால், பேசியது அத்தனையும் வீண். ஒரே ஒரு முறை, அதுவும் தனியாக, “எப்போ வெச்சுக்கலாம்?” என்று கேட்கலாம். அதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

அவர் ஏலகிரிக்குப் பதிலாக, “ஞாயித்துக்கெழம எல்லாரும் என் வீட்டுக்கு வந்துடுங்க, பிரியாணி ஆர்டர் பண்ணிக்கலாம்” என்று சொல்லக்கூடும். அதையும் ஏற்றுக்கொள்ள வேண்டும். சில ஏற்பாட்டாளர்கள் மற்றவர்கள் சொல்லும் ஹோட்டலை, தேதியை எல்லாம் திருத்திக்கொண்டே இருப்பார்கள். இரண்டு முறை திருத்தினால், மூன்றாவது முறை யாரும் யோசனை சொல்ல மாட்டார்கள். பேசப்போவதற்கு முன், இந்தப் பழக்கம் தன்னிடம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது.

எல்லாம் செய்தும் ஒன்றுமே நடக்கவில்லை என்றால்? உடனே ‘இவங்களுக்கு நான் முக்கியமில்லை’ என்ற முடிவுக்கு வர வேண்டியதில்லை. சிலர் சந்திப்பு வைக்கத் தெரியாதவர்கள். ஆனால், ராத்திரி 2 மணிக்கு ஆஸ்பத்திரி என்றால் முதலில் வந்து நிற்பார்கள். பிரித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது: ட்ரிப் இல்லாத நாட்களில் அவராகவே போன் பண்ணி, “எப்படி இருக்க?” என்று கேட்கிறாரா? கேட்கிறார் என்றால், ஆறு பேர் ட்ரிப்பை விட்டுவிட்டு அவரோடு டீக்கடைச் சந்திப்பு மட்டும் வைத்துக்கொள்ளலாம். அதற்கு போல் தேவையில்லை. அதுவும் இல்லை என்றால், அந்த நட்பு எப்படி ஓடிக்கொண்டிருந்தது என்பது இப்போதுதான் தெரிகிறது.