வயிற்றுப் புண்ணும் மூச்சின் சாட்சியும்

இரைப்பைப் புண்ணுக்குக் காரமும் கவலையுமே காரணம் என்பது நெடுங்கால அபிப்பிராயம். அமிலம் நிறைந்த இரைப்பையில் கிருமி எதுவும் குடியிருக்க இயலாதென்று வைத்தியர்களும் நம்பி வந்தார்கள். ஆஸ்திரேலியாவிலுள்ள பெர்த் நகரின் ராபின் வாரனும் பாரி மார்ஷலும் இந்நம்பிக்கையைத் தகர்த்தனர். இரைப்பையின் உட்தோலில் வாரன் கண்ட சுருள் வடிவக் கிருமியைச் சோதனைச்சாலையில் வளர்க்க முயன்றபோது மீண்டும் மீண்டும் தோல்வியே கிட்டியது. இரண்டு நாளில் ஒன்றும் முளைக்காத தட்டுகளை எறிந்துவிடுவது அங்கே வழக்கம். 1982-ஆம் ஆண்டு ஈஸ்டர் விடுமுறையில் ஒரு தட்டு சில நாள் கூடுதலாகக் கவனிப்பாரற்றுக் கிடந்தது. அதிலே கிருமி முளைத்திருந்தது! மெதுவாய் வளரும் ஜாதி அது. ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற நாமகரணம் பின்னர் நடந்தது. 1984-இல் மார்ஷல் அதைத் தாமே குடித்து, இரைப்பை அழற்சியைத் தேடிக்கொண்டார். 2005-இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

அமிலத்தில் இக்கிருமி பிழைப்பது எங்ஙனம்? அது யூரியேஸ் என்னும் நொதியைச் சுரந்து, நம் உடம்பிலுள்ள யூரியாவை அம்மோனியாவாகவும் கரியமில வாயுவாகவும் பிளக்கிறது. அம்மோனியா சுற்றிலுமுள்ள அமிலத்தை முறித்துவிடுகிறது. இந்தத் தற்காப்பே அதனைக் காட்டியும் கொடுக்கிறது.

வெறும் வயிற்றுடன் வந்த நோயாளி முதலில் ஒரு பையில் ஊதுகிறார். பிறகு கார்பன் 13 சேர்ந்த யூரியாவைக் குடிக்கிறார். இக்கார்பன் சாதாரணக் கார்பனைவிடச் சற்றே கனமானது, கதிர்வீச்சு அற்றது. சுமார் அரைமணி கழித்து மறுபடியும் ஊதுகிறார். கிருமி இருந்தால் அக்கனத்த கார்பன் இரண்டாவது மூச்சில் மிகுந்து காணும். மலப் பரீக்ஷையிலோ கிருமியின் புரதத் துணுக்குகளையே நேராகத் தேடுகிறார்கள்.

இங்கே ஒரு கண்ணி உண்டு. நெஞ்செரிச்சலுக்காக நாள்தோறும் ஓமிப்ரஸோல் விழுங்கும் ஒருவர் அப்படியே போய் ஊதினால், கிருமி இருந்தும் இல்லையென்று முடிவு வரலாம். அம்மருந்தால் கிருமியின் தொகை குன்றிவிடுகிறது, அழிவதில்லை. ஆதலின் வைத்தியரைக் கேட்டு அம்மாத்திரையை இரண்டு வாரமும், ஆன்டிபயாடிக், பிஸ்மத் மருந்துகளை நான்கு வாரமும் நிறுத்திய பின்னரே சோதிக்க வேண்டும். மலப் பரீக்ஷைக்கும் இதே விதிதான்.

கிருமி உண்டென்று தெரிந்தால் ஒற்றை மருந்து போதாது. அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை, பிஸ்மத், டெட்ராசைக்ளின், மெட்ரோனிடஸோல் ஆகிய நான்கையும் சேர்த்துப் பதினான்கு நாள் கொடுப்பது நன்கு அறியப்பட்ட முறை. ஒன்றுக்கு அடங்காத கிருமி மற்றொன்றுக்கு அடங்கும். அமிலம் தணிந்தால் ஆன்டிபயாடிக்குகளின் வேகமும் பெருகும். முன்பு பெரிதும் நம்பியிருந்த கிளாரித்ரோமைசின் இப்போது பல இடங்களில் பலிப்பதில்லை. கிருமி அதற்குப் பழகிவிட்டது. பிஸ்மத்தால் மலம் கறுக்கும், வாய் கசக்கும். ஐந்தாம் நாள் வலி அடங்கிற்றென்று மாத்திரையை விட்டுவிடுபவரின் வயிற்றிலேதான் எஞ்சிய கிருமி மருந்துக்கு அஞ்சாததாக மாறுகிறது.

சிகிச்சை முடிந்து நான்கு வாரமேனும் சென்றபின் மறுபடியும் ஊதிப் பார்க்க வேண்டும், அல்லது மலத்தைச் சோதிக்க வேண்டும். இரத்தப் பரீக்ஷை இதற்கு உதவாது. கிருமி மாண்ட பின்னும் அதற்கென உடம்பு உண்டாக்கிய எதிர்ப்பொருள் மாதக்கணக்கில் இரத்தத்திலே தங்கியிருக்கும்.