பிடித்து வைத்த வால்வு

தொட்டியின் நீர்மட்டத்தைக் கணினி T நொடிக்கு ஒருமுறைதான் அளக்கிறது. அப்போது வைத்த வால்வுத் திறப்பு அடுத்த அளவீடு வரை மாறாது. இதுதான் ஜீரோ ஆர்டர் ஹோல்டு.

மட்டம் 10 செ.மீ. குறைவு. குறையும் ஒவ்வொரு செ.மீ.க்கும் நொடிக்கு K செ.மீ. வேகத்தில் நீரை ஏற்றுகிறோம். மிகுந்தால் அதேபோல் இறக்குகிறோம். K=1, T=0.5 என்றால் குறை 10, 5, 2.5 எனத் தேயும். T=2.5 என்றாலோ முதலில் 15 செ.மீ. மிகும், அடுத்து 22.5 செ.மீ. குறையும். தொட்டி வழிந்துவிடும்!

இசட் உருமாற்றம் இதை முன்கூட்டியே சொல்லும். ஓர் அளவீட்டுத் தாமதத்தை அது z⁻¹ என எழுதுகிறது. தொட்டியும் ஹோல்டும் சேர்ந்தால் T/(z−1); கட்டுப்பாட்டுச் சுற்றை மூடினால் வேர் z = 1−KT. வேரின் அளவு 1-க்குள் இருந்தால்தான் ஆட்டம் அடங்கும். அதாவது KT, 2-ஐத் தொடக்கூடாது. இடைவிடாமல் கவனிக்கும் கட்டுப்பாட்டில், இதே தொட்டிக்கு இந்த வரம்பே கிடையாது.