இணைந்த கட்டங்களைப் படித்தல்

நாஞ்சில் நாட்டில் நெல் கன்னிப்பூ, கும்பப்பூ என இரு பருவங்களில் விளைகிறது. அதனை வட்டவாரியாகக் காட்டும் அச்சுத்தாள் ஒன்றின் ஒளிப்படம் நம்மிடம் இருப்பதாகக் கொள்வோம். வட்டம், பருவம், பரப்பு, விளைச்சல் என்பன அதன் தலைப்புகள். தோவாளை என்னும் பெயர் இரு வரிசைகளுக்கும் பொதுவாக ஒரே கட்டத்தில் நிற்கிறது. முதல் வரிசையில் கன்னிப்பூ, 40, 90. அடுத்ததில் கும்பப்பூ, 35, 70. (இவை பயிற்சிக்கான எண்களே.)

இரண்டாம் வரிசைக்குத் தனியாக உள்ளவை மூன்று கட்டங்களே. அவற்றை இடப்புறமிருந்து அப்படியே எழுதினால் கும்பப்பூ வட்டமாகிவிடும், 70 பரப்பாகிவிடும். ஆதலால் விடை எழுதுமுன் தோவாளை என்பதை இரண்டாம் வரிசையிலும் எழுதிக்கொள்க. பின்னர்ப் பரப்பைக் கூட்டி, தாளின் அடியிலுள்ள மொத்தத்தோடு ஒப்பிடுக. நம் கூட்டல் 35 மிகுந்திருந்தால், 35 நிற்கவேண்டிய இடத்தில் 70 நிற்கிறது எனலாம்.

கூட்டல் எல்லாப் பிழையையும் காட்டாது. கும்பப்பூ வரிசையைக் கீழேயுள்ள அகத்தீசுவரத்திற்கு உரியதாகக் கொண்டாலும் அடிமொத்தம் மாறுவதில்லை. அங்குக் கோடே சான்று. வட்டப் பத்தியில் கிடைக்கோடு ஓடும் இடத்தில்தான் ஒரு வட்டம் முடிகிறது. படம் மங்கிக் கோடு தெரியாதபோது, பெயர் எவ்விரு வரிசைகளின் நடுவே நிற்கிறது என்று பார்க்கலாம். ஆயினும் பெயரை மேல்வரிசையிலேயே அச்சிடுவதும் உண்டு. வேறு சான்று கிடையாதெனில், அவ்வரிசை எவ்வட்டத்திற்குரியது என்பது படத்தில் தெளிவாக இல்லை என்றே விடையில் குறிப்பிடுக.