பாதி கழிந்த பிறகு ரசீது எதற்கு?

கோவையில் சொந்தமாக ஆலோசனை நிறுவனம் நடத்தும் ஒரு கட்டுமானப் பொறியாளரை எடுத்துக்கொள்வோம். 2025-26 நிதியாண்டில் அவருடைய மொத்த வரவு 24 லட்சம் ரூபாய். வெளிநாட்டு அமைப்பு ஒன்றின் திட்ட மேலாண்மைச் சான்றிதழுக்குத் தேர்வுக் கட்டணம், பயிற்சி வகுப்பு என்று 60,000 ரூபாய் செலவழித்திருக்கிறார். இந்தத் தொகைக்கு வரிச்சலுகை உண்டா?

அவர் எந்த வழியில் வருமானத்தைக் காட்டுகிறார் என்பதைப் பொறுத்தது. 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 44ஏடிஏ பிரிவில், வரவில் பாதியை, அதாவது 12 லட்சத்தை, லாபமாகக் காட்டினால் போதும். மறுபாதிக்குள் எல்லாச் செலவும் அடங்கிவிட்டதாகச் சட்டமே எடுத்துக்கொள்கிறது. அதற்கு மேல் 60,000-ஐயும் கழித்துக் காட்டுவது பலர் செய்யும் தவறு. அவருடைய உண்மையான செலவு எட்டு லட்சம்தான் என்றால் இந்த வழியே லாபம். சான்றிதழ் ரசீதால் வரி ஒரு ரூபாய்கூடக் குறையாது.

செலவு 14 லட்சமாக இருந்தால் கதை வேறு. அப்போது உண்மை லாபமான பத்து லட்சத்தைக் காட்டலாம். ஆனால் கணக்குப் புத்தகங்கள் வைத்து, ஆடிட்டரிடம் தணிக்கையும் செய்தாக வேண்டும். ரசீதுகளுக்கு வேலை வருவது இங்கேதான்.

37(1) பிரிவின்படி, செலவு முழுக்க முழுக்கத் தொழிலுக்காகவே ஆகியிருக்க வேண்டும். சொந்தச் செலவாகவோ மூலதனச் செலவாகவோ இருக்கக் கூடாது. “வாழ்த்துகள், உங்கள் பதிவு உறுதியானது” என்ற மின்னஞ்சலை வைத்து இதை நிரூபிக்க முடியாது. தன் பெயரும் தேர்வின் பெயரும் தேதியும் உள்ள இன்வாய்ஸை அவர் பதிவிறக்கி வைக்க வேண்டும். கட்டணம் டாலரில் இருந்தால், கணக்கிலிருந்து எத்தனை ரூபாய் போனது என்று காட்டும் கார்டு ஸ்டேட்மென்ட்டும் வேண்டும். அந்தச் சான்றிதழை எதிர்பார்க்கும் வாடிக்கையாளரின் ஒப்பந்தமோ டெண்டர் நிபந்தனையோ கையில் இருந்தால் வலு கூடும். இதைத்தான் பெரும்பாலோர் எடுத்து வைப்பதில்லை. அதே பொறியாளர் ஆசைக்குக் கற்கும் புகைப்பட வகுப்பின் ரசீது எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் அந்தச் செலவு இந்தக் கணக்கில் சேராது.

பயிற்சி மையத்தில் ரொக்கமாகக் கட்டுவதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. ஒரே நாளில் ஒருவருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால், சில விதிவிலக்குகள் தவிர, அந்தச் செலவை வருமான வரித் துறை ஏற்காது. ரசீது கையில் இருந்தாலும் இதே நிலைதான்.

பொறியாளர், மருத்துவர், வழக்கறிஞர் போன்றோருக்கான 6எஃப் விதி, கணக்கையும் அசல் பில்களையும் மதிப்பீட்டு ஆண்டு முடிந்து ஆறு ஆண்டுகள் வைத்திருக்கச் சொல்கிறது. 2025-26-க்கான மதிப்பீட்டு ஆண்டு 2027 மார்ச் 31-இல் முடியும் என்பதால், கோவைக்காரரின் கோப்பு 2033 மார்ச் 31 வரை இருக்க வேண்டும். வழவழப்பான தெர்மல் தாளில் வரும் ரசீது அதற்கு வெகு முன்பே வெளுத்துவிடும். வாங்கிய அன்றே அதை ஸ்கேன் செய்து, அசலையும் கோப்பில் சேர்த்துவிடுவது நல்லது.