ஓவனில் பிழைக்கும் சிப் ஏன் மறுபடியும் சாகிறது?

முதலில் திரையில் கோடுகள் தெரியும். சில நாட்களில் மின்விசிறி சுற்றும், விளக்கு எரியும், திரை மட்டும் இருட்டாகவே இருக்கும். 2007, 2008-இல் மேக்புக் ப்ரோ மடிக்கணினி வாங்கிய பலர் இதைப் பார்த்திருக்கிறார்கள். அதிலிருந்த என்விடியா 8600எம் ஜிடி கிராபிக்ஸ் சிப்தான் காரணம். கணினியைப் பிரித்து, போர்டை மட்டும் எடுத்து, சமையலறை ஓவனில் 200 டிகிரி செல்சியஸில் எட்டு, பத்து நிமிடம் வைத்தால் திரை திரும்ப வந்துவிடும் என்று அப்போது ஒரு வைத்தியம் பரவியது. பலருக்குத் திரை வரவும் செய்தது. ஆனால் பெரும்பாலும் சில வாரங்களில் பழைய இருட்டே திரும்பியது.

போர்டுக்கும் சிப்புக்கும் இடையே உள்ள சால்டர் விரிசல் விட்டிருக்கிறது, ஓவன் அதை உருக்கி ஒட்டவைக்கிறது என்பதுதான் இந்த வைத்தியத்துக்குச் சொல்லப்படும் காரணம். கணக்கு அங்கேயே இடிக்கிறது. ஐரோப்பாவில் 2006 ஜூலையில் ஈயத்துக்குக் கட்டுப்பாடு வந்தபின், கணினி போர்டுகளில் வெள்ளீயமும் வெள்ளியும் செம்பும் கலந்த சால்டரே வழக்கமானது. அது உருக சுமார் 217 டிகிரி வேண்டும். தொழிற்சாலையில் 240 டிகிரி வரை ஏற்றி, ஒரு நிமிடம் போல உருகிய நிலையில் வைத்துத்தான் ஒட்டுகிறார்கள். 200 டிகிரியில் அது உருகுவதே இல்லை.

அப்படியானால் திரை எப்படி வந்தது? அதற்குச் சிப்பின் உள்ளே பார்க்க வேண்டும். நாம் சிப் என்று சொல்வது இரண்டு அடுக்கு. மேலே பளபளக்கும் சிலிக்கான் வில்லை, கீழே அதைத் தாங்கும் பச்சைப் பலகை. இரண்டையும் இணைப்பவை கண்ணுக்குச் சரியாகத் தெரியாத நூற்றுக்கணக்கான சால்டர் மொட்டுகள். பலகை சூட்டில் விரியும் அளவு சிலிக்கானைப் போலப் பல மடங்கு. கணினியைப் போட்டு அணைக்கும் ஒவ்வொரு முறையும் பலகை விரிந்து சுருங்க, நடுவில் இருக்கும் மொட்டுகள் இழுபடுகின்றன. கம்பியை முன்னும் பின்னும் மடக்கினால் கடைசியில் ஒடிவதுபோல் அவையும் விரிசல் விடுகின்றன. மொட்டுகளைச் சுற்றி ஊற்றப்படும் பசை இந்த இழுப்பைத் தாங்க வேண்டும். பசையோ மொட்டோ சரியாக அமையாவிட்டால் முறிவு சீக்கிரம் வரும். 2008 ஜூலையில் என்விடியா, தன் சில மடிக்கணினிச் சிப்களின் வில்லையிலும் பொதியிலும் பயன்படுத்திய பொருள்கள் பலவீனமானவை என்று ஒப்புக்கொண்டு, பழுதுச் செலவுக்காக 15 முதல் 20 கோடி டாலர் ஒதுக்கியது.

இந்த மொட்டுகளில் ஈயம் மிகுந்த வகை உருக 300 டிகிரிக்கு மேல் வேண்டும். ஆக, ஓவன் வெளிச் சால்டரையும் உருக்கவில்லை, உள் மொட்டையும் உருக்கவில்லை. சூட்டில் எல்லாம் விரிந்து, பசையும் இளகி, விரிசலின் இரு முகங்களும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டன, அவ்வளவுதான். உருகியிருந்தாலும் முகங்களில் படிந்த ஆக்சைடு, ஃப்ளக்ஸ் இல்லாமல் சரியாக ஒட்டவிடாது. தொட்டுக்கொண்டு நிற்கும் அந்த இணைப்பை அடுத்த சில வாரங்களின் சூடும் குளிரும் மறுபடி பிரித்துவிடும்.

இதை அனுபவமுள்ள பழுதுபார்ப்பவர் எளிதாகச் சோதிப்பார். சிப்பின் மேல் மட்டும் ஹாட் ஏர் கன்னால் 130, 150 டிகிரி சூடு காட்டுவார். எந்தச் சால்டரும் உருகாத அந்தச் சூட்டிலேயே திரை வந்தால் பழுது சிப்புக்குள் இருக்கிறது என்று முடிவு செய்யலாம். ரீபாலிங் என்று சொல்லி, சிப்பை எடுத்து அடியிலுள்ள உருண்டைகளை மாற்றினாலும் அப்போது நிலைக்காது. உடைந்தது அந்த உருண்டைகள் அல்லவே. பழுதில்லாத சிப்பை மாற்றிப் போடுவதுதான் தீர்வு. பவர் பகுதியில் ஒரு கெபாசிட்டர் ஷார்ட் ஆகிச் செத்த போர்டுக்கு ஓவன் ஒரு பொருட்டே அல்ல. அங்கே அந்த ஒரு பாகத்தைக் கண்டுபிடித்து மாற்றினால் போதும்.

ஓவனோ புதுச் சேதத்தையும் செய்கிறது. பல எலெக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர்கள் 105 டிகிரிக்கே வடிவமைக்கப்பட்டவை. பிளாஸ்டிக் கனெக்டர் வளையும், கழற்ற மறந்த பட்டன் பேட்டரி வெடிக்கும். ஆண்டுக்கணக்கில் ஈரம் குடித்த சிப், திடீர்ச் சூட்டில் உள்ளே அடுக்குப் பிரிந்து உப்பிவிடும். போர்டிலிருந்து கிளம்பும் புகை, நாளை கேக் வேகப்போகும் அதே அறைக்குள் படிகிறது. இதை எந்தக் காரணத்துக்காகவும் வீட்டு ஓவனில் செய்யக்கூடாது.

உள்ளே இருக்கும் படங்களுக்காகத்தான் பலர் இந்தத் துணிச்சலில் இறங்குகிறார்கள். அந்தக் கால மடிக்கணினிகளில் ஹார்ட் டிஸ்க் தனியாகக் கழலும். அதை எடுத்து வேறு கணினியில் செருகினால் எல்லாம் கிடைத்துவிடும், போர்டைத் தொடவே வேண்டாம். சேமிப்புச் சிப் போர்டிலேயே ஒட்டப்பட்ட இன்றைய கணினி என்றால் ஓவன் பக்கமே போகாதீர்கள்: அந்தச் சூடு சேமித்த தகவலையே அழித்துவிடக்கூடும்.