அட்டிகைக்கு ஜன்னல் வெளிச்சம்

ஆன்லைனில் கெம்புக்கல் அட்டிகை வாங்கியவர்கள் சொல்லும் குறை பெரும்பாலும் ஒன்றுதான்: "படத்துல ஒரு கலர், கையில வந்தது வேற கலர்." விற்றவர் ஏமாற்றிவிட்டார் என்றே வாங்கியவர் நினைப்பார். பல நேரங்களில் குற்றவாளிகள் வேறு. அறையில் எரிந்த எல்இடி பல்பு, நகைக்கு அடியில் விரித்த சிவப்பு வெல்வெட், நிறத்தைத் தானாகவே கூட்டிக் காட்டும் போன் ஆகிய மூன்றும் சேர்ந்து செய்த வேலை அது.

நாகர்கோவிலை ஒட்டிய வடசேரியின் கோயில் நகைகள் பெயர் பெற்றவை. அதே பாணியில் முலாம் பூசிய கெம்பு நகைகளை வீட்டிலிருந்தே விற்பவர்கள் இன்று ஏராளம். அப்படி ஓர் அட்டிகையையே எடுத்துக்கொள்வோம். மஞ்சள் உலோகம், சிவப்புக் கல், நடுவே சில பச்சைக் கற்கள். கேமராவைத் தடுமாற வைக்க இந்த மூன்று நிறங்களே போதும்.

முதலில் உலோகம். மெருகேற்றிய தங்கமோ முலாமோ, எதிரே இருப்பதை அப்படியே காட்டும் கண்ணாடி. பச்சைத் திரைச்சீலை பக்கத்தில் தொங்கினால் அட்டிகையின் வளைவுகளில் பச்சைக் கோடு ஓடும். படமெடுப்பவர் ஆரஞ்சு சட்டை போட்டிருந்தால் முலாம் செம்பு போலத் தெரியும். நகைக்கடைக்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும். தங்கத்தை ரோஸ் தாளில் வைத்துக் கொடுத்தால் அதன் மஞ்சள் இன்னும் ஆழமாகத் தெரிகிறது அல்லவா? கடையில் அதனால் பெரிய கேடில்லை, வாங்குபவர் நகையைக் கையில் எடுத்து வாசல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிடலாம். போன் திரையில் பார்ப்பவருக்கு அந்த வாசல் கிடையாது. ஆகவே நகையைச் சுற்றி இருப்பவை வெள்ளை, சாம்பல், கறுப்பு ஆகிய மூன்றுக்குள் அடங்க வேண்டும், படமெடுப்பவரின் சட்டை உட்பட.

அடுத்தது வெளிச்சம். வெளிச்சம் தரும் பரப்பு பெரிதாகவும் பொருளுக்கு அருகிலும் இருந்தால் நிழல் மென்மையாக விழும். நேர் வெயிலில் சூரியன் ஒரு சிறு புள்ளி. அதனால்தான் முலாமில் வெள்ளை வெள்ளையாகச் சுட்ட தழும்புகள் விழுகின்றன. நகைக்கு ஓரிரு அடி தூரத்தில் இருக்கும் அகலமான ஜன்னலோ, ஒரு பெரிய ஒளித்தட்டு. வெயில் நேரே விழுந்தால் மெல்லிய வெள்ளை வேட்டியை ஒற்றையாகக் கட்டித் தொங்கவிடலாம். கரை மட்டும் படத்தின் பக்கம் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எந்த ஜன்னல் என்பதில் ஒரு சிக்கல் உண்டு. மேலைநாட்டுப் புகைப்பட நூல்கள் வடக்கு ஜன்னலைத்தான் சொல்லும். நம் ஊரில் அது ஆண்டு முழுவதும் பொருந்தாது. சென்னையில் ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை சூரியன் நாள் முழுக்க வடக்குச் சாய்விலேயே போகிறது. நாகர்கோவிலில் இந்தக் காலம் இன்னும் நீளும். அந்த மாதங்களில் காலையும் மாலையும் வெயில் வடக்கு ஜன்னல் வழியாகத்தான் சாய்ந்து உள்ளே வரும். அப்போது மேசையைத் தெற்கு ஜன்னலுக்கு மாற்றிவிட வேண்டியதுதான்.

இனி அட்டிகையை வைப்போம். ஜன்னல் இடப்பக்கம் இருக்கட்டும். மேசையில் பளபளப்பில்லாத சாம்பல் நிறச் சார்ட் பேப்பர், அதன்மேல் அட்டிகை. வலப்பக்கம் ஒரு தெர்மக்கோல் பலகையை நிறுத்தினால் ஜன்னல் வெளிச்சம் அதில் பட்டுத் திரும்பி நிழல் பக்கத்தை நிரப்பும். இப்போது ஒரு புதுச் சிக்கல் வரும். எல்லாப் பக்கமும் வெள்ளையாகிவிட்டதால் உலோகம் சப்பென்று ஆகி, யாளி முகமும் மயில் கழுத்தும் தட்டையாகத் தெரியும். இரண்டு விரல் அகலத்தில் கறுப்புச் சார்ட் துண்டு ஒன்றை வெட்டி, படத்துக்குள் வராமல் நகைக்குப் பக்கத்தில் நிறுத்துங்கள். அதன் நிழலுரு உலோக வளைவில் மெல்லிய கருங்கோடாக விழுந்ததும் வேலைப்பாடு எழுந்து நிற்கும். துண்டை மெல்ல நகர்த்தி, கோடு எங்கே விழுகிறது என்று பார்த்துக்கொண்டே எடுப்பதில்தான் பாதி வேலை இருக்கிறது.

சாம்பல் ஏன் என்றால், தன் முன் இருப்பதெல்லாம் நடுத்தர வெளிச்சம் உடையது என்றே போன் நினைத்துக்கொள்கிறது. வெள்ளைப் பின்னணி வைத்தால் படத்தை இருட்டாக்கிவிடும். கறுப்பு வெல்வெட் வைத்தால் வெளிச்சத்தைக் கூட்டி முலாமை வெளிற வைக்கும். நடுத்தரச் சாம்பலில் இந்த இரண்டு தவறும் குறைவு. பட்டுப் புடவையும் வாழையிலையும் அழகுக்கு ஒரு படத்தில் இருக்கட்டும், ஆனால் நிறத்தைக் காட்டும் படம் அதுவல்ல.

நிறத்துக்கு வருவோம். ஜன்னல் வெளிச்சத்தில் எடுக்கும்போது அறை விளக்குகள் எல்லாவற்றையும் அணைக்க வேண்டும். பகல் வெளிச்சம் சற்றே நீலம், வீட்டு பல்பு மஞ்சள். இரண்டும் ஒரே நகையில் விழுந்தால் ஒரு பக்கத்துக்குத் திருத்திய நிறம் மறுபக்கத்தில் தப்பாகும். எந்தச் செயலியாலும் முழுதாகச் சரிசெய்ய முடியாது. முதல் படத்தில் மட்டும் நகைக்குப் பக்கத்தில், கேமரா கடையில் கிடைக்கும் கிரே கார்டை வைத்து எடுங்கள். பிறகு ஸ்னாப்சீட் செயலியில் White Balance பகுதிக்குப் போய், துளிக்குழாய்க் குறியைக் கொண்டு அந்தச் சாம்பலைத் தொட்டால் மற்ற நிறங்கள் தத்தம் இடத்துக்கு வந்துவிடும். அதே அளவில் மற்ற படங்களையும் திருத்தலாம். கிரே கார்டுக்குப் பதில் ஜெராக்ஸ் பேப்பரை வைக்கலாமே என்று தோன்றும். அந்தத் தாளில் வெண்மை கூட்டும் ரசாயனம் கலந்திருக்கிறது, பகல் வெளிச்சத்தில் அது லேசாக நீலம் அடிக்கும். அதை அளவாக வைத்துத் திருத்தினால் படம் மஞ்சளுக்குச் சாயும், முலாம் இருப்பதைவிட ஒசத்தியாகத் தெரியும்.

மிஞ்சியிருப்பது கெம்பின் சிவப்பு, இதுதான் போனுக்குப் பெரும் சோதனை. வெளிச்சம் சற்றுக் கூடினாலும் கல்லின் ஆழம் போய், சிவப்பு மை தடவியது போல ஒரே திட்டாகிவிடும். திரையில் கல்லின்மேல் விரலை வைத்து அழுத்தி, வெளிச்ச அளவை மெல்லக் கீழே இழுங்கள். கல்லுக்குள் ஏற்ற இறக்கம் தெரியும் இடத்தில் நிறுத்துங்கள். ஃபில்டரையும் நிறம் கூட்டும் அமைப்பையும் தொடவே வேண்டாம்.

இந்த மென்வெளிச்சம் எல்லா நகைக்கும் பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். அடியில் தகடு வைத்து மூடிக் கட்டிய கெம்பு இதில் நன்றாக ஒளிரும். பட்டை தீட்டிய அமெரிக்கன் டைமண்டோ உயிரற்ற கண்ணாடித் துண்டு போலக் கிடக்கும். அதன் மின்னலுக்குச் சிறு புள்ளி வெளிச்சம் வேண்டும். வேட்டியை ஓரமாக விலக்கி ஒரு கீற்று வெயிலை விடலாம், அல்லது நகையை அசைத்து ஒரு சிறு வீடியோ எடுத்துப் போடலாம்.

முடித்ததும் நகையை ஜன்னலோரம் வைத்து, பக்கத்தில் போன் திரையில் படத்தைத் திறந்து ஒப்பிட்டுப் பாருங்கள். கண்ணுக்கு இதமான மஞ்சள் திரை அமைப்பு அணைந்திருக்கிறதா என்று முதலில் கவனியுங்கள், வேறொரு போனிலும் ஒருமுறை பாருங்கள். வாங்குபவரின் திரை எப்படியிருக்கும் என்பது நம் கையில் இல்லாததால், "ரோஸ் சாயல் உள்ள சிவப்பு, வெளிர் மஞ்சள் முலாம்" என்று எழுத்திலும் சொல்லிவிடுவது நல்லது. அளவுக்கு ஒரு படத்தில் ஸ்கேல் இருக்கட்டும். ஒரு ரூபாய் நாணயத்தை வைப்பவர்கள் உண்டு, அந்த நாணயமே பல அளவுகளில் புழங்குகிறது.

2020ஆம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகளின்படி, விளம்பரத்தில் காட்டிய தன்மை பொருளில் இல்லையென்றால் அதைத் திரும்பப் பெற விற்பவர் மறுக்க முடியாது. வாங்குபவர்களும் பணம் அனுப்பும் முன் ஒன்று கேட்கலாம்: "ஜன்னல் பக்கத்துல, லைட் எல்லாம் அணைச்சிட்டு, வெறும் தாள்மேல வச்சு ஒரு போட்டோ அனுப்புங்க." நேர்மையாக விற்பவருக்கு அது ஒரு நிமிட வேலை.