540 காசு முட்டை, ஆனைக்குட்டத்தில் 7 ரூபாய் ஆவது எப்படி?

‘நாமக்கல்லில் முட்டை கொள்முதல் விலை 540 காசு’ என்று காலைச் செய்தித்தாளில் படித்துவிட்டு, விருதுநகர் பக்கம் உள்ள ஆனைக்குட்டத்தில் கடைக்குப் போனால், அதே முட்டைக்கு 7 ரூபாய் கேட்கிறார்கள். கடைக்காரர் கொள்ளை அடிக்கிறார் என்றே முதலில் தோன்றும். ஆனால் செய்தித்தாளில் வரும் எண் கடை விலை அல்ல. பல நாட்களில் பண்ணையாளர் கைக்கு வரும் விலையும் அதுவல்ல. (இந்தக் கட்டுரையில் உள்ள விலைகள் கணக்கு புரிவதற்கான எடுத்துக்காட்டுகள்.)

அந்த எண்ணை அறிவிப்பது, 1982இல் கோழிப்பண்ணையாளர்கள் சேர்ந்து தொடங்கிய தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு. வியாபாரி சொன்னதே விலை என்றிருந்த நிலையை மாற்ற, பண்ணையாளர்களே விலை சொல்வதற்காக உருவான அமைப்பு இது. மொத்த வியாபாரத்தில் விலை பேசுவது நூறு முட்டைக்கு. நூறு முட்டை 540 ரூபாய் என்றால் ஒரு முட்டை 540 காசு. எப்படிப் படித்தாலும் எண் ஒன்றுதான்.

நாமக்கல் மண்டலத்தின் விலையை முடிவு செய்யும்போது சில விஷயங்களைப் பார்க்கிறார்கள். பண்ணைகளில் எவ்வளவு முட்டை தேங்கியிருக்கிறது? கேரளாவுக்கு எத்தனை லாரி போகிறது? ஐதராபாத், மைசூரு போன்ற மற்ற மண்டலங்களில் என்ன விலை? அங்கே விலை குறைந்தால் வெளியூர் வியாபாரிகள் அங்கிருந்து வாங்குவார்கள். புரட்டாசியில் பல வீடுகளில் முட்டை சமைப்பதில்லை. கார்த்திகையில் ஐயப்பனுக்கு மாலை போட்டவர்கள் சாப்பிடுவதில்லை. வட இந்தியாவில் குளிர் கூடினால் அங்கே தேவை ஏறும். மக்காச்சோளமும் சோயாவும் விலை ஏறினால் பண்ணைச் செலவு ஏறும். ஆனால் வாங்க ஆள் இல்லாத வாரத்தில், செலவு ஏறியதற்காக விலையை ஏற்றிவிட முடியாது.

அறிவிக்கப்படுவது பரிந்துரை விலைதான். யாரையும் அது கட்டுப்படுத்தாது. அந்த இடைவெளியில் நுழைந்ததுதான் ‘மைனஸ்’. அறிவித்த விலையில் இத்தனை காசு கழித்துத்தான் எடுப்பேன் என்பார் வியாபாரி. ஐம்பதாயிரம் கோழி வைத்திருப்பவருக்கு ஒரு நாளைக்கு நாற்பதாயிரம் முட்டைக்கு மேல் விழும். விலை சரியில்லை என்று கோழியை நிறுத்தி வைக்க முடியுமா? நான்கு நாள் லாரி வராவிட்டால் முட்டை அறை நிரம்பிவிடும். வெயிலில் முட்டையின் தரமும் இறங்கும். அதனால் 30 காசு மைனஸுக்கு அவர் ஒத்துக்கொள்கிறார். 540 காசு அவர் கையில் 510 ஆகிறது. தேக்கம் கூடும்போது அறிவிப்பு விலை இறங்கும் முன்பே மைனஸ் பெரிதாகிவிடும். சந்தையின் உண்மை நிலவரத்தை அறிய மைனஸைத்தான் கேட்க வேண்டும்.

இனி முட்டையின் பயணம். 30 முட்டை ஓர் அட்டை. ஏழு அட்டை சேர்ந்தால் 210 முட்டை கொண்ட ஒரு பெட்டி. நாமக்கல்லில் ஏற்றிய சரக்கு கரூர், திண்டுக்கல், மதுரை வழியாக இருநூறு கிலோமீட்டருக்கு மேல் ஓடி விருதுநகர் பக்கம் இறங்குகிறது. லாரி வாடகை, ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, மொத்த வியாபாரியின் லாபம் எல்லாம் சேர்ந்து, கிராமத்துக் கடைக்கு வரும்போது ஒரு முட்டை 5 ரூபாய் 80 காசு என்று வைத்துக்கொள்வோம். அட்டை 174 ரூபாய்.

அதில் ஒரு முட்டை உடைந்துவிட்டால் விற்க மிஞ்சுவது 29. கடைக்காரருக்கு ஒரு முட்டையின் அடக்கவிலை சரியாக 6 ரூபாய் ஆகிவிடும். 6 ரூபாய் 50 காசுக்கு விற்றால் அட்டைக்கு 14 ரூபாய் 50 காசு நிற்கும். இன்னொன்று உடைந்தால் அது 8 ரூபாயாகச் சுருங்கும். ஐம்பது காசு நாணயம் புழக்கத்தில் இல்லாததால் ஒன்று 7 ரூபாய், இரண்டு 13 ரூபாய் என்று விற்கிறார்.

பண்ணை விலை 20 காசு இறங்கினாலும் கடை விலை அசையாததற்கும் இந்தச் சில்லறைதான் ஒரு காரணம். 7 ரூபாயிலிருந்து 6.80க்கு இறங்க வழியில்லை. இறங்கினால் முழுசாக ஒரு ரூபாய் இறங்க வேண்டும். இன்னொரு காரணம், அலமாரியில் இருப்பது பழைய விலைக்கு வாங்கிய சரக்கு. அது தீர மூன்று, நான்கு நாளாகும். ஆனால் விலை ஏறும்போது மட்டும் பழைய சரக்கும் புது விலைக்குப் போவதுண்டு. வாங்குபவர் கேள்வி கேட்க வேண்டிய இடம் அதுதான்.

எனவே ஒரு நாள் விலையைப் பார்த்துச் சண்டை போட வேண்டாம். ஒரு வாரம் கவனியுங்கள். செய்தித்தாள் எண்ணை நூறால் வகுத்து முப்பதால் பெருக்கினால் அட்டையின் அறிவிப்பு விலை கிடைக்கும்; 540க்கு அது 162 ரூபாய். கடையில் அட்டை விலையைக் கேட்டு இதோடு ஒப்பிடுங்கள். சில்லறைக் கணக்கு அட்டையில் கிடையாது. மிச்சம் இருப்பது வாடகை, உடைசல், லாபம். அறிவிப்பு விலை ஒரு வாரமாக 40, 50 காசு இறங்கியே நிற்க, அட்டை விலை மட்டும் அசையவில்லை என்றால், அந்த இறக்கம் வழியில் யாரிடமோ நின்றுவிட்டது. அந்தப் பணம் பண்ணையாளருக்கும் போய்ச் சேரவில்லை, உங்களுக்கும் வந்து சேரவில்லை.